சம்பளம் இல்லாத வேலைக்கும் ஒரு தாள்

'ஓராண்டு முடிவதற்குள் விலகினால் தன்னார்வலர் ரூ.5,000 செலுத்த வேண்டும்.' சிறு அறக்கட்டளைகள் தங்களிடம் சேவை செய்ய வருபவர்களிடம் கையெழுத்து வாங்கும் தாள்களில் இப்படி ஒரு வரி இருந்தால், அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஏதோ ஒரு கம்பெனியின் வேலை நியமனக் கடிதத்தை எடுத்து, 'ஊழியர்' என்ற இடத்திலெல்லாம் 'தன்னார்வலர்' என்று மாற்றியிருக்கிறார்கள். சம்பளம் பற்றிய பத்தியை மட்டும் நீக்கிவிட்டு, சம்பளம் தருபவர் மட்டுமே போடக்கூடிய நிபந்தனைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அந்த ஐயாயிரத்தை யாரும் வசூலிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25, ஒரு பக்கம் தருவதற்கு ஈடாக மறுபக்கம் எதையும் தராத உடன்பாடு, சில விதிவிலக்குகள் தவிர, செல்லாது என்கிறது. தன்னார்வலர் தன் மாலை நேரத்தைத் தருகிறார்; அறக்கட்டளை அதற்கு விலை தருவதில்லை. ஆகவே "வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டீர்கள், வந்தே ஆக வேண்டும்" என்று நீதிமன்றம் போய் நிற்க இயலாது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு 'ஆண்டு முடிந்ததும் தருகிறோம்' என்பது இதைவிட மோசம். அதைச் செய்யும் அறக்கட்டளையில் ஒருவரும் சேரக் கூடாது.

நீதிமன்றத்தில் நிற்காத தாள் எதற்கு என்று கேட்கலாம். ஒரு மாலை வகுப்பை எடுத்துக்கொண்டு பார்த்தால் பதில் கிடைக்கும்.

ஒரு சிறு ஊர். மூன்று அறங்காவலர்கள் சேர்ந்து பதிவுசெய்த டிரஸ்ட். வாடகைக்கு எடுத்த ஓட்டு வீட்டின் கூடத்தில், திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 35 பிள்ளைகள் படிக்கிறார்கள். சொல்லித்தர ஒன்பது பேர் வருகிறார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், வங்கியில் வேலை பார்ப்பவர் ஒருவர், மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். சம்பளம் வாங்குபவர் ஒரே ஒருவர். கதவைத் திறந்து, வருகைப் பதிவேடு எழுதி, பெற்றோரிடம் பேசும் ஒருங்கிணைப்பாளர். நான் சொல்லும் இந்த வகுப்பு கற்பனைதான். ஆனால் இதில் நடப்பதாகச் சொல்பவை எந்த மாலை வகுப்பிலும் நடக்கக்கூடியவை.

அந்தக் கல்லூரி மாணவர்களில் ஒரு பெண் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லித்தர வருகிறாள். பிள்ளைகளுக்கு அவள் 'கணக்கு அக்கா'. முதல் மாதம் செவ்வாய், வியாழன் மட்டும் வந்தாள். இரண்டாம் மாதம், புதன்கிழமை வரும் சாருக்கு உடம்பு சரியில்லை என்று அதையும் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் மாதம் நோட்டுப் புத்தகம் வாங்க டவுனுக்குப் போய்வந்தாள். டிரஸ்டின் வரவு செலவைக் கணினியில் ஏற்றினாள். ஐந்தாம் மாதம் செமஸ்டர் தேர்வு வந்தது. ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டாள். அறங்காவலர்களுக்குக் கோபம், பிள்ளைகளுக்கு ஏக்கம், அவளுக்குக் குற்ற உணர்வு. மூன்று தரப்பிலும் தவறான எண்ணம் கொண்டவர் எவருமில்லை. எது அவள் வேலை, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதாததுதான் கோளாறு.

அவளுடைய தாளில் கடமை என்ற தலைப்பின்கீழ், 'மாணவர்களின் கல்வி முன்னேற்றத்துக்கு உழைத்தல் மற்றும் நிர்வாகம் அவ்வப்போது கூறும் இதர பணிகள்' என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். 'இதர பணிகள்' என்ற இரண்டு சொற்களுக்குள் டவுன் பயணமும் கணக்கு எழுதுவதும் புதன்கிழமையும் அடங்கிவிட்டன. அந்தச் சொற்களை அடித்துவிட்டு இப்படி எழுதலாம்:

'செவ்வாய், வியாழன் மாலை 5.30 முதல் 7 மணி வரை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருவேன். வர இயலாத நாளில் பகல் 12 மணிக்குள் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிப்பேன். இதற்கு மேல் டிரஸ்ட் என்னிடம் உதவி கேட்கலாம், நான் மறுக்கலாம், மறுப்பதால் என் இடம் பாதிக்கப்படாது.'

மறுக்கலாம் என்பதைத் தாளிலேயே எழுதுவது டிரஸ்டுக்கும் நல்லது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள்தான் ஒருநாள் சொல்லாமல் நிற்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் இங்கேயே ஒரு வரி வேண்டும். பேருந்துக் கட்டணத்தை டிக்கெட் பார்த்துத் திருப்பித் தருவதில் சிக்கலில்லை. அது அவர் செலவழித்த காசு. மாதம் பிறந்தால் எல்லோருக்கும் ஒரே தொகை, அதற்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர், அதோடு வரவேண்டிய நேரம், வராவிட்டால் பிடித்தம் என்று ஏற்பாடு இருந்தால், தாளின் தலைப்பில் 'தன்னார்வலர்' என்று எத்தனை பெரிய எழுத்தில் அச்சடித்தாலும் அது வேலையின் சாயல் கொண்டுவிடும். நாளை குறைந்தபட்ச ஊதியம் பற்றிக் கேள்வி வந்தால், அதிகாரிகள் பெயரைப் பார்க்க மாட்டார்கள், நடந்ததைத்தான் பார்ப்பார்கள். சம்பளம் தர வசதி இருந்தால் சம்பளமாகவே கொடுத்து, அந்த நபரை ஊழியர் என்று பதிவுசெய்வதே நேர்மை.

நடத்தை பற்றிய பகுதியைப் பலரும் 'ஒழுக்கத்துடன் நடந்துகொள்வேன்' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒழுக்கம் என்றால் ஆளுக்கொரு பொருள். கதவைத் திறந்துவைத்தே சொல்லித்தர வேண்டும், ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது, வண்டியில் ஏற்றி வீட்டில் விடக் கூடாது, பிள்ளையின் செல்போனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பேச வேண்டியதை ஒருங்கிணைப்பாளர் வழியாகப் பெற்றோரிடம் பேச வேண்டும் என்று செயல்களாக எழுதினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி புரியும். இவை தன்னார்வலரையும் காக்கின்றன. இருட்டிவிட்டதே என்று இரக்கப்பட்டு ஒரு பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் விட்டவர், மறுநாள் ஊரில் எழும் பேச்சுக்குத் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. 'எங்கள் விதி அது, நான் விடமாட்டேன்' என்று சொல்ல அவருக்கு ஒரு தாள் இருக்கிறது. அதே விதி டிரஸ்டின் மீதும் ஒரு பொறுப்பை வைக்கிறது: இருட்டியபின் பிள்ளைகள் எப்படி வீடு போவார்கள் என்பதை டிரஸ்ட்தான் யோசித்து வைக்க வேண்டும்.

அடிப்பதைப் பற்றியும் வெளிப்படையாக எழுத வேண்டும். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. மாலை வகுப்பு பள்ளி ஆகாது என்பதால் சிலர் 'ரெண்டு தட்டு தட்டினால் என்ன' என்று நினைக்கிறார்கள். தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை அடித்துத் துன்புறுத்துவது 2015-இன் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் மூன்றாண்டு வரை சிறைக்கு இடம் தருகிறது. அங்கே பள்ளியா, வகுப்பா என்ற பேதம் இல்லை. சட்டம் இருக்கட்டும், 'அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன், எந்தப் பிள்ளையிடமும் சாதி கேட்க மாட்டேன்' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்திடுவது ஒருவரை ஒரு நொடியாவது யோசிக்க வைக்கும்.

தன்னார்வலருக்குச் செய்யப்படும் கொடுமையைப் பற்றிய வரி பெரும்பாலான தாள்களில் இருப்பதே இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர் என்பதற்குத் தரும் விளக்கத்தில் சம்பளம் இன்றித் தன்னார்வத்தில் வேலை செய்பவரையும் சேர்த்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் நிறுவனத்துக்குள் விசாரணைக் குழு இருக்காது. புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். நம் மாலை வகுப்பில் ஒன்பது தன்னார்வலர்களும் ஒரு ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து பத்தாகிவிட்டார்கள். உள்ளேயே குழு அமைக்கும் பொறுப்பு டிரஸ்டுக்கு வந்துவிட்டது என்பது அறங்காவலர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புகாரை யாரிடம், எந்த முகவரியில் தருவது என்பது தாளிலேயே அச்சாகியிருக்கட்டும்.

இனி, என் மனத்தை அதிகம் வருத்தும் பகுதிக்கு வருகிறேன்: ரகசியம்.

ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் சேவை செய்பவருக்கு அந்த வீட்டின் கதவு திறந்துவிடுகிறது. அப்பா குடிப்பது, அம்மா கடன் வாங்கியது, அக்காவின் திருமணம் நின்றது, தம்பிக்கு வலிப்பு வருவது எல்லாம் கணக்கு நோட்டுக்கு நடுவே பேச்சாக வந்து விழும். நம் வகுப்பில் ஒரு தன்னார்வலர், நல்ல எண்ணத்தோடுதான், ஒரு சிறுவனின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, 'தகப்பன் குடிகாரன், தாய் வீட்டு வேலை செய்கிறாள், ஆனாலும் இவன் முதல் மதிப்பெண். உதவுங்கள்' என்று எழுதுகிறார். அந்தத் தாய் வேலை செய்யும் வீட்டுக்காரரே அதைப் பார்த்துவிடுகிறார். மறுநாளிலிருந்து சிறுவன் வகுப்புக்கு வருவதில்லை. ஒருங்கிணைப்பாளர் வீடு தேடிப் போகிறார். "எங்க வீட்டுக் கதைய ஊருக்குச் சொல்லித்தான் படிக்க வைப்பீங்களாம்மா?" என்று அந்தத் தாய் கேட்டால் பதில் ஏது?

ஆகவே ரகசியப் பத்தி, 'நிறுவனத்தின் இரகசியத் தகவல்கள்' என்று கம்பெனி மொழியில் தொடங்கக் கூடாது. ஒரு டியூஷன் வகுப்புக்கு வியாபார ரகசியம் ஏது? யாருடைய தகவல், எது, எங்கே பேசக் கூடாது என்பதே அங்கே வர வேண்டும்:

'இங்கே வரும் பிள்ளைகளையும் அவர்கள் குடும்பத்தையும் பற்றி எனக்குத் தெரியவருவதை வெளியில் பேச மாட்டேன். என் வீட்டிலும் பேச மாட்டேன். பிள்ளைகளின் படம், பெயர், மதிப்பெண், வீட்டு நிலை எதையும் என் செல்போனில் வைத்திருக்கவோ பகிரவோ மாட்டேன். படம் எடுப்பதும் வெளியிடுவதும் பெற்றோர் எழுத்தில் ஒப்பியபின் டிரஸ்ட் மட்டுமே செய்யும். நான் விலகிய பிறகும் இந்த வாக்கு தொடரும்.'

பெற்றோரின் ஒப்புதல் வெறும் மரியாதைக்காகக் கேட்பதன்று. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

இந்தப் பத்தி இத்தோடு நின்றுவிட்டால் அது ஆபத்தான பத்தி. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு மாலை, எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கணக்கு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணுங்க" என்கிறாள். அன்புள்ள எந்தப் பெண்ணும் சட்டென்று சத்தியம் செய்துவிடுவாள். பிறகு அந்தக் குழந்தை தன் மாமா தன்னிடம் நடந்துகொள்வதைச் சொல்கிறாள். இப்போது கணக்கு அக்காவின் கையில் ஒரு சத்தியமும், 'வெளியில் பேச மாட்டேன்' என்று கையெழுத்திட்ட ஒரு தாளும் இருக்கின்றன. இரண்டும் அவள் வாயைக் கட்டுகின்றன.

சட்டம் அவளைப் பேசச் சொல்கிறது. 2012-இன் போக்சோ சட்டம், பிரிவு 19, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. 'எவரும்' என்பதில் சம்பளம் வாங்காதவரும் அடங்குவார். தெரிவிக்காவிட்டால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன்கீழ் உள்ளவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பையும் அதே சட்டம் தருகிறது.

ஆகவே ரகசியப் பத்தியின் அடியிலேயே, வேறு பக்கத்துக்குத் தள்ளாமல், இந்த வரிகள் வர வேண்டும்:

'ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால், அல்லது சந்தேகம் எழுந்தால், மேலே சொன்ன வாக்கு என்னைக் கட்டாது. அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்வேன். புகார் அவர் மீதோ அறங்காவலர் மீதோ என்றால், அவர்களிடம் போகாமல் நேரே காவல் நிலையத்துக்கோ 1098-க்கோ தெரிவிப்பேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.'

கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. சத்தியம் கேட்கும் குழந்தையிடம் என்ன சொல்வது என்று பழக்க வேண்டும். "நீ சொல்றது உனக்கு ஆபத்தான விஷயமா இருந்தா, உன்னைக் காப்பாத்தறவங்ககிட்ட மட்டும் நான் சொல்லியாகணும். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லலாம். குழந்தை அதன்பிறகும் பெரும்பாலும் பேசும். பேசாவிட்டாலும், பேசலாம் என்று ஓர் ஆளை அது தெரிந்துகொண்டது. சொன்னதைத் துருவித் துருவிக் கேட்கக் கூடாது, பத்துப் பேர் முன் திரும்பச் சொல்லவைக்கக் கூடாது, மாமாவைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. 'முதலில் நாமே உள்ளுக்குள் விசாரிப்போம், உண்மையென்றால் போலீசுக்குப் போவோம்' என்று அறங்காவலர்கள் கூட்டம் போடுவதுதான் நான் அஞ்சும் தவறு. விசாரிப்பது அவர்கள் வேலையே இல்லை; தெரிவிப்பதுதான் வேலை.

ரகசியத்தின் பெயரால் இன்னொரு அநியாயமும் நடக்கிறது. நன்கொடைக் கணக்கில் குளறுபடியைப் பார்த்த தன்னார்வலரிடம், 'நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், வெளியில் பேசக் கூடாது' என்று தாளைக் காட்டுவார்கள். குற்றத்தையோ முறைகேட்டையோ அதிகாரிகளிடம் சொல்வதை இந்தத் தாள் தடுக்காது என்று ஒரு வரி இருந்தால் அந்த மிரட்டலுக்கு இடமில்லை. அந்த வரியை எழுதத் தயங்கும் டிரஸ்டை நான் நம்ப மாட்டேன்.

பிரியும் விதம் மீதமிருக்கிறது. சேர்வதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் இதைக் கடைசி இரண்டு வரிகளில் அடைத்துவிடுகிறார்கள். முதல் யோசனை எளிமையானது: தாளுக்கு ஒரு முடிவுத் தேதி போடுங்கள். ஜூனில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் தானாக முடியும் தாள் என்றால், தொடர விரும்பாதவர் யாரையும் புண்படுத்தாமல் விடைபெறலாம். தொடர வேண்டாம் என்று டிரஸ்ட் நினைப்பவரிடமும் வம்பில்லாமல் நன்றி சொல்லலாம். சரியில்லாத தன்னார்வலரை ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொண்டிருப்பதற்குப் பெரும்பாலும் முடிவுத் தேதி இல்லாததே காரணம்.

இடையில் விலக நேர்ந்தால், காரணம் சொல்லாமலே விலகலாம். இரண்டு வாரம் முன்னால் சொன்னால் உதவி. அந்த இரண்டு வாரம் டிரஸ்டின் வசதிக்காக மட்டுமில்லை. கணக்கு அக்கா போகப்போகிறாள் என்பதைப் பிள்ளைகள் அவள் வாயிலிருந்தே கேட்க வேண்டும். ஏற்கெனவே பலர் தங்களை விட்டுப் போவதைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

டிரஸ்ட் ஒருவரை நிறுத்துவது இரண்டு வகை. நேரத்துக்கு வராதது, ஒத்துப்போகாதது போன்றவற்றுக்கு முதலில் நேரில் பேச்சு, பிறகு எழுத்தில் ஒரு குறிப்பு, அப்படியும் சரியாகாவிட்டால் இரண்டு வாரத்தில் விடை. குழந்தையின் பாதுகாப்பு, பணம் ஆகியவற்றில் புகார் வந்தால் அந்த நாளே நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்திவைப்பது தீர்ப்பாகாது என்றும் தாளில் எழுத வேண்டும். பணம் பற்றியது என்றால், ஏழு நாளுக்குள் இரண்டு அறங்காவலர்கள் அவரை அழைத்து, புகாரைச் சொல்லி, அவர் தரப்பைக் கேட்டு, முடிவை எழுத்தில் தரட்டும். குழந்தை பற்றியது என்றால் காவல்துறைக்குத் தகவல் போன பிறகுதான் மற்றெல்லாம்.

போகும் நாளில் சாவி, அடையாள அட்டை, ரசீதுப் புத்தகம், பதிவேடு எல்லாம் திரும்ப வர வேண்டும். செல்போனில் உள்ள பிள்ளைகளின் படங்களும் பெற்றோர் எண்களும் ஒருங்கிணைப்பாளர் முன்னிலையில் அழிக்கப்பட வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அன்றே நீக்க வேண்டும். டிரஸ்டின் பக்கம், எத்தனை நாள், என்ன வேலை செய்தார் என்ற சான்றிதழைப் பதினைந்து நாளுக்குள் தர வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு அது மேற்படிப்புக்கும் வேலைக்கும் தேவைப்படும். கோபத்தில் அதைப் பிடித்துவைப்பது சிறுமை.

இத்தனையும் தெளிவான தமிழில் எழுதினால் இரண்டு பக்கத்தில் அடங்கும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தன்னார்வலரிடமே கொடுத்துவிட வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒருங்கிணைப்பாளரும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தால் அரை மணி நேரம் ஆகும். நம் வகுப்பில் ஐந்தாம் மாதம் வெடித்த சிக்கல் அந்த அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும்.

நீங்கள் ஒரு சிறு டிரஸ்டை நடத்துபவரானால், அல்லது அப்படி ஒன்றில் மாலை நேரத்தைத் தருபவரானால், உங்கள் தாளை இன்றே எடுத்து ரகசியப் பத்தியைப் படியுங்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் இந்த வாக்குக் கட்டாது என்ற வரி அதில் இல்லையென்றால், அச்சகத்துக்காகக் காத்திருக்காமல் பேனாவாலேயே எழுதிச் சேர்த்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.